ஜெலி விற்றமினும் பாடசாலைத் தாதியின் கடிதமும்



கிளிநொச்சி நகரிலிருந்து மேற்கே சிறிது தூரம் சென்றால், இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களுக்கிடையே உருத்திரபுரம் என்னும் ஊர் தோன்றும். பழமை வாய்ந்த சிவன் கோயிலையும் நெற்செய்கையையும் தன் அடையாளமாகக் கொண்ட ஊர் அது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் வன்னியின் ஏனைய ஊர்களைப் போலவே அதுவும் வெறிச்சோடியது. 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்த பின்னர் மக்கள் மீண்டு வந்து, இடிந்த வீட்டின் அத்திவாரத்தைத் தேடிப் பிடித்துக் குடியேறினர். இன்று அவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றின் ஒரு கிளை கனடாவிலும், இன்னொரு கிளை இலண்டனிலும், வேறொரு கிளை பிரான்சிலுமாகப் படர்ந்து கிடக்கின்றது. அக்கிளைகளிலிருந்து ஆண்டிற்கு ஒருமுறையோ இருமுறையோ பார்சல்கள் வருகின்றன. சட்டை, சப்பாத்து, சொக்கிலேற்று ஆகியவற்றோடு அண்மைக் காலத்தில் அப்பெட்டிகளுள் புதிய பொருள் ஒன்றும் இடம்பிடித்துள்ளது. கரடிக்குட்டி போலவும் பழங்கள் போலவும் வார்த்தெடுத்த, பல நிறங்கொண்ட, மெல்ல மெல்ல இனிக்கும் சிறு துண்டுகள் நிறைந்த போத்தலே அது. ஆங்கிலத்தில் 'கமி' என்பர். நம்மூர்ப் பிள்ளைகள் 'ஜெலி விற்றமின்' என்று அழைக்கின்றனர்.

மேலைநாட்டுப் பாடசாலைகள் சிலவற்றிலே நிலையான தாதியர் கடமையாற்றுகின்றனர். அமெரிக்காவிற் பல பாடசாலைகளில், விற்றமின்களும் மருந்தென்றே கொள்ளப்பட்டு, வைத்தியரின் எழுத்து மூலமான பணிப்பும் பெற்றோரின் ஒப்பமும் இன்றிப் பிள்ளையின் பையில் அவை வருதல் கூடாதென்று விதி உண்டு. அவ்விதியை விளக்கித் தாதியர் பெற்றோருக்குக் கடிதம் எழுதுதல் அங்கே வழக்கமான செயல். இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகளில் இத்தகைய நிலையான தாதி இருப்பது அரிது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைச் சேர்ந்தோர் வந்து மாணவரைப் பரிசோதித்துச் செல்வர். எனினும், ஜெலி விற்றமின் கடல் கடந்து வந்துவிட்டமையால் அக்கடிதத்தின் தேவையும் உடன் வந்துவிட்டது. ஆகவே, உருத்திரபுரத்திற் பாடசாலைத் தாதி ஒருவர் இருந்து, பெற்றோருக்கு அவ்வாறான கடிதம் ஒன்றை எழுதுகின்றார் என்று கொள்க. அக்கடிதம் எதனைச் சொல்லும், எக்காரணத்தாற் சொல்லும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கடிதம் இவ்வாறு தொடங்கும்:

"அன்புள்ள பெற்றோருக்கு, உங்கள் பிள்ளையின் உடல் தேற வேண்டுமென்ற எண்ணத்திலேயே வெளிநாட்டில் இருக்கும் மாமியோ சித்தியோ விற்றமின் போத்தலை அனுப்பியிருக்கிறார் என்பதை அறிவேன். அந்த அன்பைக் குறை சொல்ல இக்கடிதத்தை எழுதவில்லை. ஆனால், அதனைப் பிள்ளையின் கையிற் கொடுத்துப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டாமென்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்பதைக் கீழே எழுதுகிறேன்."

தாதி முதலிற் சொல்லுங் காரணம் இனிப்பைப் பற்றியது. முற்காலத்தில் பிள்ளைகளுக்கு மீனெண்ணெய் கொடுத்த தாய்மார் இன்னும் நம்மிடையே உள்ளனர். அதன் நாற்றம் தொலைவில் வரும்போதே பிள்ளை கிணற்றடிக்கு ஓடிவிடும். மூக்கைப் பிடித்து ஒரு கரண்டி பருக்குவதே பெரும்பாடு. இரண்டாவது கரண்டியைக் களவாகக் குடித்த பிள்ளை எவ்வூரிலும் இல்லை. மருந்தின் கசப்பும் நாற்றமும் அதன் அளவிற்குக் காவலாக இருந்தன. ஜெலி விற்றமினில் அக்காவல் நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளை அதனை மருந்தென்று அறியாது, இனிப்பென்றே அறியும். இனிப்பை எண்ணித் தின்னும் பழக்கம் பிள்ளைகளுக்கு இல்லை. வீட்டிலே தாய் போத்தலை மேற்றட்டில் வைத்து இரண்டு துண்டு எடுத்துக் கொடுக்கும்வரை அளவு தாயின் கையில் இருக்கின்றது. கடதாசியிற் சுற்றிப் புத்தகப் பையில் இட்ட அக்கணமே அளவு பிள்ளையின் கைக்கு மாறிவிடுகின்றது.

இதனுடன் வன்னியின் வெயிலும் சேர்ந்துகொள்கின்றது. குளிர்தேசத்து வீட்டு அலுமாரியில் இருக்கவென ஆக்கிய பண்டம் அது. உச்சி வெயிலில் தகரக் கூரையின் கீழ், புத்தகப் பையினுள்ளே அது இளகி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இரண்டு துண்டைப் பிய்த்தெடுக்க எண்ணும் பிள்ளையின் கையில் ஐந்து துண்டு வந்துசேரும். பையில் இருந்தது எத்தனை, தின்றது எத்தனை என்று பின்னர் எவராலும் கணக்கெடுக்க இயலாது.

அளவு தவறினால் என்ன நேரும் என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கினாற் காண்போர்க்கு விடயம் தெளிவாகும். ஒரு போத்தலின் ஒட்டுத்தாளில், ஒரு வேளைக்கு இரண்டு துண்டு என்றும், அவ்விரண்டில் விற்றமின் ஏ 300 மைக்கிரோகிராம், விற்றமின் டி 15 மைக்கிரோகிராம், துத்தநாகம் 3 மில்லிகிராம், சீனி 4 கிராம் உள்ளன என்றும் எழுதியிருப்பதாகக் கொள்க. ஆறு வயதுப் பிள்ளை ஒன்று காலையில் வீட்டில் இரண்டு துண்டு தின்கின்றது. பையிற் கொண்டுசென்ற நான்கை இடைவேளையில் தின்கின்றது. அருகில் இருந்த தோழி தன் வீட்டுப் போத்தலிலிருந்து கொணர்ந்த இரண்டையும் கொடுக்கின்றாள். ஆக எட்டுத் துண்டு, அதாவது நான்கு வேளை அளவு. விற்றமின் ஏ 1200 மைக்கிரோகிராம் ஆயிற்று. நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளை நாள்தோறும் கொள்ளத்தக்க உச்ச எல்லை 900 என்று அமெரிக்க ஊட்டவியலாளர் வகுத்துள்ளனர். துத்தநாகம் 12 மில்லிகிராம். அதன் உச்ச எல்லையும் அதுவே. விற்றமின் டி 60 மைக்கிரோகிராம். எல்லையாகிய 75ஐ அது எட்டவில்லை. ஆனால் அப்பிள்ளை காலையிலும் மாலையிலும் பருகும் பால்மாவிலும் விற்றமின் ஏயும் டியும் சேர்க்கப்பட்டிருத்தல் கூடும். அதனை எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

இவ்விடத்தில் தாதி நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். உச்ச எல்லை என்பது அதனைத் தாண்டியவுடன் பிள்ளை மயங்கி வீழும் கோடு அன்று. ஒருநாள் எட்டுத் துண்டு தின்ற பிள்ளைக்குப் பெரும்பாலும் வயிற்றுவலியோ வயிற்றோட்டமோ வந்து தணிந்துவிடும். ஒன்றும் நேராமலும் போகலாம். வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் நாள்தோறும் எல்லை தாண்டுவதே தீங்கு. விற்றமின் சீ போன்றவை நீரிற் கரைவன. மிகுதி சிறுநீரோடு கழிந்துவிடும். விற்றமின் ஏயும் டியும் கொழுப்பிற் கரைவன. மிகுதி உடலிலேயே தங்கும். ஏ ஈரலில் மெல்ல மெல்லச் சேரும். அதன் மிகுதி தலையிடி, சத்தி, வறண்டு உரியும் தோல், வெடிக்கும் உதடு, எலும்பு நோ என்று தோன்றும். டி மிகுந்தால் இரத்தத்தில் சுண்ணச்சத்து ஏறும். பிள்ளை பசியிழக்கும், ஓயாது தண்ணீர் கேட்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், மலச்சிக்கலும் வாந்தியும் உண்டாகும். இவற்றைக் காணுந் தாய், பிள்ளைக்குச் சத்துப் போதவில்லையென்று எண்ணி இன்னும் இரண்டு துண்டு கொடுக்க முற்படுதலே இதிலுள்ள பெருஞ் சங்கடம்.

நல்லெண்ணத்தாற் சத்து மிகுந்த கதை உலகிற்குப் புதியதன்று. இரண்டாம் உலக யுத்த காலத்திலும் அதன் பின்னரும் பிரித்தானிய அரசு குழந்தைகளுக்கு என்புருக்கி நோய் வாராதிருக்கும் பொருட்டு மீனெண்ணெய் வழங்கியது. குழந்தைகளுக்கான பால்மாவிலும் தானிய உணவிலும் விற்றமின் டி சேர்க்கப்பட்டது. ஒவ்வொன்றும் தனித்துப் பார்க்கையில் அளவானதே. மூன்றையும் ஒருங்கே உண்ட குழந்தைகள் சிலருக்கு 1950களின் முற்பகுதியில் இரத்தத்திற் சுண்ணச்சத்து மிகும் நோய் காணப்பட்டது. மிகுந்த விற்றமின் டியே காரணமாயிருக்கலாமென்று வைத்தியர்கள் ஐயுற்றனர். 1957ஆம் ஆண்டில் அரசு அவ்வுணவுகளிற் சேர்க்கும் அளவைக் குறைத்தது. வீட்டுப் போத்தல், பாடசாலைப் பை, தோழியின் கை, பால்மா ரின் என நான்கு வழியால் வரும் சத்தும் அவ்வாறானதே. ஒவ்வொரு வழியும் குற்றமற்றது. கூட்டுத்தொகையை எவரும் அறியார்.

இங்கே ஒரு தாய் கேட்கக்கூடும்: "அப்படியானால் பப்பாப்பழமும் முருங்கையிலையும் கொடுக்கவும் பயப்பட வேண்டுமோ?" வேண்டியதில்லை. பப்பாப்பழம், மாம்பழம், பூசணி, முருங்கையிலை, பொன்னாங்காணி ஆகியவற்றில் இருப்பது கரோட்டின் என்னும் பொருள். உடல் தனக்கு வேண்டிய அளவு அதனை விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்ளும். வேண்டாத போது மாற்றாது. மிகையாக உண்டாற் கையும் காலும் சிறிது மஞ்சளிக்கலாமேயன்றி நஞ்சாவதில்லை. மேற்சொன்ன 900 என்னும் எல்லை, மாற்றம் வேண்டாது ஆயத்தமாக உள்ள றெற்றினோல் வகைக்கே உரியது. போத்தலின் ஒட்டுத்தாளில் றெற்றினைல் என்று தொடங்கும் பெயர் இருப்பின் அது அவ்வகை என்றும், பீற்றா கரோட்டின் என்றிருப்பின் இலையிலும் பழத்திலும் உள்ள வகை என்றும் தாய்மார் அறிந்துகொள்ளலாம். விற்றமின் டியை வெயிலும் தோலும் சேர்ந்து ஆக்குகின்றன. உடலுக்குப் போதுமானதும் தோல் அதனை மேலும் சேரவிடுவதில்லை. வளவில் ஓடி விளையாடும் வன்னிப் பிள்ளைக்கு அவ்வெயில் விலையின்றிக் கிடைக்கின்றது.

கடிதத்தின் இரண்டாம் பகுதி இரும்புச்சத்தைப் பற்றியது. உண்மையான இழப்பு இங்கேதான் நேர்கின்றது. பாடசாலைகளில் சுகாதார அமைச்சின் ஏற்பாட்டின்படி வாரத்திற்கு ஒருமுறை இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் கொண்ட குளிசை மாணவருக்குக் கொடுக்கப்படுகின்றது. இரத்தச் சோகையைத் தடுக்கவே அது. அக்குளிசை சுவையற்றது, சில பிள்ளைகளுக்கு வயிற்றைப் புரட்டும், மலம் கறுக்கும். ஜெலி விற்றமின் தின்னும் பிள்ளையின் தாய், "எங்கள் பிள்ளை கனடா விற்றமின் எடுக்கிறாள், குளிசை வேண்டாம்" என்று சொல்லியனுப்புகின்றாள். அத்தாய்க்குத் தெரியாதது யாதெனின், ஜெலி விற்றமின்களிற் பெரும்பாலானவற்றில் இரும்புச்சத்து அறவே இல்லை என்பதே. இரும்பின் உலோகச் சுவையை இனிப்பினுள் மறைப்பது கடினம் என்பதனால் ஆக்குவோர் அதனை விட்டுவிடுகின்றனர். ஒட்டுத்தாளில் பத்துப் பன்னிரண்டு சத்துகளின் பெயர் வரிசையாக இருக்கும். அவ்வரிசையில் இரும்பு இல்லாமையை எவரும் நோக்குவதில்லை. ஆகவே, மெலிந்து வெளிறிய அப்பிள்ளைக்கு எது வேண்டுமோ அதுவே தவறிப்போகின்றது; எது வேண்டாவோ அது மிகுகின்றது.

இதற்கு மறுபுறமும் உண்டு. அதே பார்சலில் பெரியோருக்கான இரும்புக் குளிசையோ கர்ப்பிணிகளுக்கான விற்றமினோ வந்திருக்கலாம். அமெரிக்காவில் ஒருகாலத்தில், ஆறு வயதிற்குட்பட்ட பிள்ளைகள் நச்சுண்டு இறப்பதற்கு முதன்மைக் காரணமாக இரும்புக் குளிசையே இருந்தது. தாய்க்கென வாங்கிய குளிசையைச் சீனி பூசிய மிட்டாய் என்று பிள்ளைகள் விழுங்கியமையே காரணம். 1997ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு இரும்புச்சத்துள்ள பொருட்களின் மீது எச்சரிக்கை வாசகம் அச்சிடும்படி விதித்தது. கணக்கு இவ்வளவே: பிள்ளையின் நிறையில் ஒரு கிலோவிற்கு 20 மில்லிகிராம் இரும்பைத் தாண்டினால் வயிறு பாதிக்கப்படத் தொடங்கும், 60 மில்லிகிராமைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. 18 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு முதல் எல்லை 360 மில்லிகிராம். குளிசை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்குமாயின் ஆறு குளிசையிலேயே அவ்வெல்லை வந்துவிடும். "விற்றமின் என்றால் இனிப்பு" என்று ஜெலியாற் பழகிய பிள்ளை, அலுமாரியிலுள்ள மற்றப் போத்தலையும் அவ்வாறே எண்ணித் திறக்கும். இதுவே தாதியின் அச்சம். ஜெலி தன்னளவிற் செய்யுந் தீங்கினும், அது கற்பிக்கும் பாடத்தின் தீங்கு பெரிது.

மூன்றாவதாகத் தாதி எழுதுவது, போத்தலினுள் இருப்பது யாது என்பதைப் பற்றியது:

"உங்கள் வீட்டிலுள்ள போத்தலின் ஒட்டுத்தாளை ஒருமுறை முழுவதுமாக வாசியுங்கள். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருந்து விளங்காவிட்டால் என்னிடம் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்."

அவர் அவ்வாறு அழைப்பதற்கு இரு காரணங்கள் உள. ஒன்று, ஜெலியின் பசைத்தன்மை பெரும்பாலும் ஜெலற்றினால் வருவது. ஜெலற்றின் என்பது பன்றியின் தோலையும், மாட்டின் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கப்படுவது. வெள்ளிக்கிழமை தோறும் மச்சம் தொடாத சைவ வீட்டில், கோயிலுக்குச் சென்று திரும்பிய பிள்ளையின் வாயில் அதனை இடுந் தாய் அறியாமற் செய்கின்றாள். அப்பிள்ளை இடைவேளையில் அதனை இஸ்லாமியத் தோழனுக்கு நீட்டினாலும் அதே குழப்பம் நேரும். பழத்தோலில் எடுக்கும் பெக்ரின் கொண்டு ஆக்கிய வகைகளும் உண்டு. எது எதுவென்று ஒட்டுத்தாளே சொல்லும். பிள்ளையின் கடதாசிப் பொட்டலத்திற்கு ஒட்டுத்தாள் இல்லை.

மற்றக் காரணம் இன்னும் கவனத்திற்குரியது. வெளிநாட்டுக் கடைகளில் உறக்கத்திற்கான மெலற்றோனின் என்னும் பொருளும் இதே கரடி வடிவில், இதே நிறத்தில், இதே சுவையில் விற்கப்படுகின்றது. இருவகைப் போத்தலும் ஒரே தட்டில் அடுத்தடுத்து நிற்கும். அமெரிக்காவில் பிள்ளைகள் மெலற்றோனினை உட்கொண்டதாக நச்சுத் தகவல் நிலையங்களுக்கு அறிவிக்கப்பட்ட நிகழ்வுகள் 2012இல் ஏறத்தாழ 8,300 ஆக இருந்து 2021இல் 52,500ஐயும் தாண்டின என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2022இல் வெளியிட்டது. அத்தோடு, 2023ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் சிலர் அங்கே விற்கப்படும் இத்தகைய ஜெலிப் போத்தல்கள் 25ஐ வாங்கி ஆராய்ந்தனர். அவற்றுள் 22இன் ஒட்டுத்தாள் உண்மைக்கு மாறாக இருந்தது. ஒன்றில் மெலற்றோனினே இல்லை. ஏனையவற்றில் எழுதிய அளவின் முக்கால் பங்கு முதல் மூன்றரை மடங்கு வரை இருந்தது. இவை மருந்தெனப் பதிவாகாமல் உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுவதால், கடைக்கு வருமுன் மருந்திற்குரிய சோதனை இவற்றிற்கு நடப்பதில்லை. வகுப்பறையிலே காரணமின்றித் தூங்கிவிழும் பிள்ளையைக் கண்டு ஆசிரியர் சோம்பல் என்று கடிந்துகொள்வாராயின், அது யார் குற்றம்?

நான்காவது, பல். எடுத்துக்காட்டுக் கணக்கிற் கண்ட எட்டுத் துண்டில் 16 கிராம் சீனி உண்டு. ஏறத்தாழ நான்கு தேக்கரண்டி. நாள்தோறும் உண்ணும் சக்தியில் நூற்றுக்கு ஐந்து பங்கினுட் சேர்மானச் சீனியை அடக்குதல் நன்று என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. 1400 கலோரி உண்ணும் சிறு பிள்ளைக்கு அது 17 கிராம் அளவிலேயே முடிகின்றது. அன்றைய தேநீருக்கும் பணிசுக்கும் இடமில்லாமல் விற்றமினே அச்சீனியைத் தின்றுவிட்டது. சீனியிலும் கொடியது அதன் ஒட்டுந்தன்மை. கடைவாய்ப் பல்லின் குழிகளில் அது அப்பிக்கொள்ளும். புளிப்பிற்காகச் சேர்த்த அமிலமும், சீனியைத் தின்னுங் கிருமிகள் விடும் அமிலமும் ஒன்றுசேர்ந்து பல்லின் மேற்பூச்சைக் கரைக்கும். வீட்டிற் காலைச் சாப்பாட்டோடு தின்றால் வாய் கொப்பளிக்கத் தாய் சொல்லுவாள். பத்து மணி இடைவேளையில் தின்றுவிட்டு வகுப்பிற்கு ஓடும் பிள்ளையின் பல்லில் அது நண்பகல் வரை இருக்கும். ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல் விழுந்து முளைக்கும் பல் அன்று. வாழ்நாள் முழுவதும் அதுவே.

இனித் தாதியின் கடிதத்தில் மிகவும் மென்மையாக எழுதப்படும் பகுதி வருகின்றது. ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருப்பின், வெளிநாட்டில் உறவினர் உள்ளோர் சிலரே. நிறநிறமான ஜெலி ஒரு பிள்ளையின் கையில் இருக்கையில் ஏனையோரின் கண்கள் அங்கே செல்லும். நல்ல மனமுள்ள பிள்ளை பகிர்ந்து கொடுக்கும். பகிர்தல் நற்பழக்கம் என்று அதே வகுப்பறையிலேதான் கற்பிக்கின்றார்கள். ஆனால் வாங்கித் தின்னும் பிள்ளைக்கு நீரிழிவு இருக்கலாம். அதன் தாய் சீனியை அளந்து, ஊசிமருந்தை அளந்து வளர்க்கின்றாள். இன்னொரு பிள்ளை வேறு நோய்க்குக் கிளினிக்கில் மருந்தெடுக்கலாம். தம்பி தங்கைக்கென்று ஒரு துண்டை மிச்சம்பிடித்து வீட்டிற்குக் கொண்டுசெல்லும் அக்காமாரும் உளர். நான்கு வயதிற்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் அவ்விழுவைத் துண்டு சிக்கினால் மூச்சு அடைக்கும். கொடுத்த பிள்ளையைத் தண்டிப்பது நீதியன்று. கொடுக்கும் நிலையில் அதனை வைத்தவர் பெரியோரே. உணவைப் பகிரலாம், மருந்தைப் பகிரலாகாது என்னும் வேறுபாட்டைப் பிள்ளை உணரவேண்டுமாயின், மருந்து உணவின் வேடத்தில் அதன் பைக்குள் வருதல் கூடாது.

அவ்வாறாயின் வீட்டிற்கு வந்துவிட்ட போத்தலை என் செய்வது? தாதி எறியச் சொல்லவில்லை. அவர் எழுதும் முறை வருமாறு:

"போத்தலைப் பூட்டக்கூடிய இடத்தில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அடுத்த கிளினிக் நாளில் அதனை வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் தேவையென்றால், அவர் சொன்ன அளவைச் சாப்பாட்டோடு உங்கள் கையாலேயே கொடுத்து, வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள். 'இது மருந்து' என்று சொல்லியே கொடுங்கள். 'இனிப்பு' என்று ஆசைகாட்ட வேண்டாம். பாடசாலை நேரத்தில் கொடுத்தே ஆகவேண்டிய மருந்து எதுவாயினும், வைத்தியரின் துண்டோடு, அதன் சொந்தப் போத்தலிலேயே, பெரியவர் ஒருவர் நேரிற் கொண்டுவந்து தாருங்கள். பாடசாலையிற் கொடுக்கும் வாரக் குளிசையை நிறுத்த வேண்டாம். பிள்ளை மெலிந்து போவதாகத் தோன்றினால் நிறையையும் இரத்தத்தையும் பரிசோதிக்க ஒழுங்கு செய்வேன்."

தவறுதலாகப் பிள்ளை தின்றுவிட்டால் செய்யவேண்டியதும் அக்கடிதத்தில் உண்டு. முதலில், தின்றது எந்தப் போத்தலிலிருந்து என்று காண்க. மிஞ்சியவற்றை எண்ணி, இல்லாதவற்றின் தொகையை அறிக. இரும்பு இல்லாத சாதாரண ஜெலியிற் சில துண்டுகளாயின், தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டு வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் போதும். இரும்பு உள்ளதாயினும், உறக்கத்திற்குரியதாயினும், எதுவென்று தெரியாததாயினும் காத்திருத்தல் ஆகாது. விரலை விட்டோ உப்புநீர் பருக்கியோ சத்தி எடுப்பிக்க வேண்டா. போத்தலைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு விரைக. வாகனம் இல்லையேல் 1990 என்னும் இலக்கத்திற்கு அறிவித்தால் நோயாளர் காவுவண்டி வரும். இரும்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. முதல் ஆறு மணி நேரத்துள் சத்தியும் வயிற்றோட்டமும் வந்து, பின்பு பிள்ளை தேறியதுபோலத் தோன்றும். அந்தத் தேற்றம் பொய்யானதாக இருக்கலாம். அதன் பின்னரே இரத்த ஓட்டமும் ஈரலும் பாதிக்கப்பட்டுப் பிள்ளை சோர்ந்து வீழ்வதுண்டு. "சத்தி நின்றுவிட்டது, இனிப் பயமில்லை" என்று வீட்டிற்குத் திரும்பிய பெற்றோர், திரும்ப முடியாத நேரத்தில் மீண்டும் புறப்பட நேரிடும்.

கடிதம் முடிகின்றது. ஆனால் அதனை வாசித்த தாய்க்கு இன்னுமொரு கடமை எஞ்சியுள்ளது. போத்தலை அனுப்பிய மாமிக்கு அவள் பதில் சொல்லவேண்டும். குளிரில் நின்று, இரண்டு வேலை செய்து, மிச்சம்பிடித்த காசில் மருமகளுக்கென்று வாங்கி அனுப்பியவரின் மனம் நோகாதிருத்தல் வேண்டும். அவள் இவ்வாறு சொல்லலாம்: "மச்சாள், நீங்கள் அனுப்பியது பத்திரமாக இருக்கிறது. வைத்தியரிடம் காட்டினேன். பிள்ளைக்கு இரும்புதான் குறைவாம். அந்தக் குளிசை இங்கே இலவசமாகத் தருகிறார்கள். அடுத்தமுறை விற்றமின் வேண்டாம். அந்தக் காசுக்கு இங்கேயே நாலு கோழிக்குஞ்சு வாங்கித் தருகிறேன். பிள்ளை உங்கள் பெயரைச் சொல்லி முட்டை சாப்பிடட்டும்."

கனடாவிலுள்ள மச்சாள் அதனைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். கிணற்றடியில் முருங்கை நிற்கின்றது; வளவில் வெயில் விழுகின்றது; கோழிக்கூடு ஒன்றே குறைவு. அதனை அடிப்பதற்கு ஒரு சனிக்கிழமை போதும்.